வர முடியாதவர்களின் செய்தியை வாசிப்பது

யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், பிரான்ஸ், நோர்வே என்று ஊர்கள் வரிசையாக வரும். ‘இலங்கை’ என்று போட்ட பெயர் ஒன்றோ இரண்டோதான். அந்த ஒருவர்தான் பெரும்பாலும் செத்த வீட்டு முற்றத்தில் பந்தல் போடுவிப்பார், ஐயருக்குச் சொல்லுவார், வருகிறவர்களுக்குக் கதிரை எடுத்துப் போடுவார். மற்றவர்கள் செய்தி அனுப்புவார்கள். அந்தச் செய்திகளில் எதை வாசிப்பது, எதை விடுவது, யார் வாசிப்பது என்பதைத் தீர்மானிக்க ஒருவர் வேண்டும். தமிழ் படிப்பிக்கிற ரீச்சர் என்பதால் எங்கள் குடும்பத்தில் அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

இது புதிய வழக்கம் என்று சிலர் சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் பக்கம் 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடித்துக் கொடுப்போம். பழைய கல்வெட்டுகளைப் புரட்டினால் திதி வெண்பாவும் வரலாறும் முடிந்த பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று பாட்டுப் பாட்டாக இருக்கும். அதை எழுதியவர் ஊர்ப் புலவர். பேசுவது மகள், அழுவது மருமகன், ஆனால் சொல் புலவருடையது. ஒருவருக்காக இன்னொருவர் வாய் திறக்கிற இந்த ஏற்பாடு நமக்குப் பழக்கமானதுதான். 90களில் தொலைபேசி இல்லாமல், பாதையும் பூட்டிக் கிடந்த காலத்தில், வெளிநாட்டுப் பிள்ளையின் கடிதம் செத்த வீட்டுக்கு வந்து சேராது. அந்தியேட்டிக்கு வந்தாலே பெரிய காரியம். இப்போது உயிர் பிரிந்த ஒரு மணித்தியாலத்துக்குள் வட்ஸ்அப்பில் செய்திகள் வரத் தொடங்கிவிடுகின்றன. அதனால்தான் தெரிவு செய்ய வேண்டிய கட்டாயம் வந்தது.

போன ஆடி மாதம் பெரியம்மா மோசம் போனார். அம்மாவின் மூத்த அக்கா. மூத்த மகன் கனடாவிலிருந்து வந்து சேருவதற்காக மூன்று நாள் உடலை வைத்திருந்தோம். மூத்த மகள், எங்கள் அக்கா, தாயோடு அந்த வீட்டிலேயே இருந்தவர். இளைய மகள் லண்டனில் நிறைமாதக் கர்ப்பிணி. கடைசி மகன் பரிஸில், விசா இல்லை. பெரியம்மாவின் தம்பி, எங்கள் மாமா, நோர்வேயில் இருக்கிறார். வயது போனவர், பயணம் செய்ய ஏலாது. இவர்களோடு ரொறன்ரோப் பேரப்பிள்ளைகள், மருமக்கள், பெறாமக்கள், சங்கங்கள், பழைய மாணவர்கள். சனிக்கிழமை மத்தியானம் என் கொப்பியில் இருபதுக்கு மேற்பட்ட செய்திகள் இருந்தன. எல்லாவற்றையும் வாசித்தால் ஒன்றரை மணித்தியாலம் போகும். எனக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம்.

அந்த இருபத்தைந்து நிமிடம் எங்கே வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிரியை என்று ஐயர் சொல்லியிருந்தார். கிரியை தொடங்கினால் பறைமேளம் ஒலிக்கும், திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பார்கள், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பார்கள், வாய்க்கரிசி போடுவார்கள். அதற்குப் பிறகு பெண்களின் அழுகையில் ஒலிபெருக்கியே கேட்காது. சிலர் மயானத்தில் இரங்கல் உரைகளோடு சேர்த்து வாசிக்கலாம் என்பார்கள். நான் அதற்குச் சம்மதிப்பதில்லை. எங்கள் பெண்கள் படலையோடு நின்றுவிடுவார்கள். ஒரு மகளின் செய்தியை அவளின் தமக்கையும் மச்சாள்மாரும் கேட்காத இடத்தில் வாசித்து என்ன பலன்? ஆகவே ஐயர் வந்து தர்ப்பையும் கும்பமும் ஒழுங்கு செய்கிற நேரம்தான் எங்களுடையது. காலை 9.15 தொடக்கம் 9.40 வரை.

ஆடி மாதத்தில் இங்கே 9.15 என்றால் பரிஸிலும் ஒஸ்லோவிலும் விடிய 5.45, லண்டனில் 4.45, ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 11.45. எல்லோரும் நேரலையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதை மறந்துவிட்டுச் செய்தி தெரிவு செய்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். தன்னுடைய செய்தி வருகிறதா என்று ஒருவர் நித்திரை முழித்துக் காத்திருப்பார். தங்கச்சியின் செய்தி வரும், மச்சானின் செய்தி வரும், தன்னுடையது வராது. அந்தக் கோபம் வருடக்கணக்கில் நிற்கும்.

இதற்கு நான் கண்ட வழி ஒன்று உண்டு. செய்தி வாசிக்கத் தொடங்கும் முன், செய்தி அனுப்பிய எல்லோரின் பெயரையும் உறவையும் ஊரையும் வாசித்துவிடுவேன். வரிசை மரண அறிவித்தலில் உள்ள வரிசை. அது ஏற்கெனவே குடும்பத்தில் கதைத்து, சண்டை பிடித்து, ஒத்துக்கொண்ட வரிசை. பிள்ளைகள், மருமக்கள், பேரர், சகோதரர், மைத்துனர், பெறாமக்கள் என்று அதில் ஒழுங்கு இருக்கும். நான் புதிதாக ஒரு வரிசை போட்டால் புதிதாக ஒரு சண்டை வரும். சங்கங்களும் கம்பனிகளும் அனுப்பிய அனுதாபச் செய்திகளுக்கு இந்தப் பெயர் வாசிப்பே போதும். கனடா அண்ணா தன்னுடைய வேலையிடத்துச் செய்தியை முதலில் வாசிக்கச் சொன்னார். “அண்ணா, அவையின்ர பேரைச் சொல்லிறன். ஆனா அவைக்குப் பெரியம்மாவைத் தெரியாதே” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தலையாட்டினார்.

முழுதாக வாசிப்பதற்கு நான்கு செய்திகள். நிதானமாக, மூச்சு விட்டு வாசித்தால் தமிழில் நிமிடத்துக்கு எண்பது சொல்லுக்கு மேல் போகாது. ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் கொப்பியில் ஒன்றரைப் பக்கம். எந்த நான்கு என்பதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான்: முற்றத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியாத எதையாவது இந்தச் செய்தி பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறதா? ‘அன்பின் சிகரம்’, ‘பாசத்தின் ஊற்று’ எல்லாம் எல்லாத் தாய்மாருக்கும் பொருந்தும். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டால் சனம் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கத் தொடங்கிவிடும்.

லண்டன் தங்கச்சி அனுப்பியது அப்படிப்பட்ட ஒன்றுதான். எங்கேயோ இணையத்தில் எடுத்த கவிதை, தாய்மையைப் பற்றி. அவளுக்கு எழுத வராது, அழ மட்டும் முடியும் என்று எனக்குத் தெரியும். ஆகவே போன் எடுத்தேன். “செய்தி கிடைச்சது. அதை விடு. அம்மாவோட கடைசியா என்ன கதைச்சனி?” என்று கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். கலியாணம் முடித்துப் போன புதிதில் அவளுக்குக் குழம்பு வைக்கத் தெரியாது. பெரியம்மா தன்னுடைய அடுப்படியில் உப்புப் போத்தலில் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, “நான் காச்சிறன், நீ பார்த்துக்கொண்டிரு” என்று சமைப்பாராம். சமையல் பழகிய பிறகும் வீடியோவை நிறுத்தவில்லை. பெரியம்மா படுக்கையில் விழும் வரை உப்புப் போத்தலில் கைபேசி சாய்ந்திருந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதியதைத் திருப்பி அவளுக்கே வாசித்துக் காட்டினேன். “இதையோ வாசிக்கப் போறீங்கள்? இது சின்ன விசயமெல்லோ அக்கா” என்றாள். அதைத்தான் வாசித்தேன். முற்றத்தில் அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு எழுந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி, “அதுதானே பாத்தன், ஆரோட கதைச்சுக் கதைச்சுச் சமைக்கிறா எண்டு” என்று உரக்கவே சொன்னார்.

நல்ல செய்தி வராதபோது நல்ல கேள்வி கேட்டால் வந்துவிடும். ‘அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லு’ என்றால் எல்லோருக்கும் மேடைத் தமிழ்தான் வரும். கடைசியாக என்ன கதைத்தீர்கள், உங்களை எதற்குப் பேசினார், பார்சலில் என்ன அனுப்புவார் என்று கேட்டால் அவர்களின் சொந்தக் குரல் வரும்.

பரிஸ் தம்பியின் செய்திதான் எனக்கு மிகவும் பாரமாக இருந்தது. எங்கள் பக்கம் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்குக் கடைசி மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். பெரியம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். அவன் இடத்தில் அண்ணா நிற்கப் போகிறார். அவன் அனுப்பியது பதினொரு நிமிடக் குரல் பதிவு. பாதி அழுகை. நடுவில் விசா வழக்கு, வழக்கறிஞர் சொன்னது, வீட்டுக் கூரைக்கு அனுப்பிய காசு, காணி உறுதி தொடர்பாக அண்ணாவோடு உள்ள மனத்தாங்கல், பிறகு அம்மாவிடம் மன்னிப்பு.

இதை அப்படியே ஒலிபெருக்கியில் போடச் சொல்லி வீட்டில் சிலர் கேட்டார்கள். மகனின் குரல் அல்லவா என்றார்கள். நான் மறுத்தேன். முதல் காரணம் விசா. அகதியாக வழக்குப் போட்டிருக்கிற ஒருவர் ஏன் வரவில்லை, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒலிபெருக்கியில் சொல்லக் கூடாது. நேரலை யூரியூப்பில் பதிவாகிக் கிடக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி, ஒருவர் தான் தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பித் திரும்பவும் ஏற்றுக்கொண்டால் அகதி நிலை இல்லாமல் போகலாம். கனடாவில் 2012இல் சட்டத்தை இறுக்கிய பிறகு நிரந்தர வதிவிட உரிமையும் அதோடு போய்விடக்கூடிய நிலை இருக்கிறது. தாயின் செத்த வீடு என்றாலும் போகாதே என்று வழக்கறிஞர்கள் சொல்வது அதனால்தான். ‘விசா கிடைத்தவுடன் ஓடி வருவேன் அம்மா’ என்ற ஒரு வரிகூட யாருக்கோ பிறகு சிக்கலாகலாம். வர முடியாத நிலையில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லுவேன். காரணம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கில்லை.

காசும் காணியும் அடுத்தது. அனுப்பிய காசைச் செய்தியில் சொல்லுகிறவர்கள் பெருமைக்குச் சொல்வதில்லை என்பதை நான் நம்புகிறேன். பக்கத்தில் இல்லாதவனுக்குத் தான் தாய்க்குச் செய்தது என்று காட்ட அந்த ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் அதே முற்றத்தில், தாயைக் குளிப்பாட்டி, பம்பர்ஸ் மாற்றி, இரவிரவாக முழித்திருந்த அக்கா நிற்கிறார். கூரைக் காசு ஒலிபெருக்கியில் வந்தால் அக்காவின் வேலைக்கு யார் கணக்குச் சொல்வது? இதே காரணத்துக்காகத்தான், வைத்தியம் பிந்தியது, ஆரும் கவனிக்கவில்லை என்று எழுதும் செய்திகளையும் நான் தொடுவதில்லை.

வெட்டுவதற்கு எனக்கு மூன்று கட்டுப்பாடுகள். முழு வசனமாக எடுப்பேன், வசனத்துக்குள் கை வைக்க மாட்டேன். ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன். வெட்டி முடித்ததை அனுப்பியவருக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்காமல் விடமாட்டேன். இதற்காகவே செய்திகளுக்குச் சனி இரவு எட்டு மணி என்று நேரம் வைத்தேன். அப்போது ரொறன்ரோவில் காலை 10.30, ஐரோப்பாவில் பின்னேரம். எல்லோரும் முழித்திருப்பார்கள், போன் எடுத்துக் கதைக்கலாம். விடியற்காலையில் வருகிற செய்திகளுக்குப் பெயர் வாசிப்பு மட்டும்.

தம்பியின் பதினொரு நிமிடத்தில் ஒன்பதாவது நிமிடம் போல ஒரு இடம் வந்தது. அவன் வெளிக்கிட்டுப் போகும்போது விட்டுப்போன சைக்கிளைப் பற்றி. பெரியம்மா போனில், “உன்ர சைக்கிளுக்கு எண்ணெய் விட்டிட்டன்” என்று சொல்லுவாராம். கிழமைக்கு ஒருக்கால். அவன் வந்து இறங்கிய அன்றே ஓட ஏலுமாக இருக்க வேண்டும் என்று. அந்தச் சைக்கிள் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். யாரும் ஓடாத சைக்கிளின் சங்கிலி ஏன் பளபளவென்று இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அக்காவிடம் விசாரித்தேன். “ஓம், தையல் மெசின் எண்ணெயைத்தான் விடுவா” என்றார். அந்தப் பகுதியையும், அதற்குப் பிறகு அவன் மன்னிப்புக் கேட்ட மூன்று வசனங்களையும் எழுதினேன். காணிப் பகுதியை அண்ணாவிடம் தனியாகச் சொல்லிவிடும்படி தம்பி கேட்டான். “அதை நீயே எடுத்துக் கதை தம்பி. நான் நடுவில நிண்டா சொல் மாறிப் போயிடும்” என்றேன்.

குரல் பதிவைப் போடவே கூடாது என்பதில்லை. ரொறன்ரோப் பேத்தி ஒருத்தி, பதினொரு வயது, உடைந்த தமிழில் நாற்பது விநாடி பேசி அனுப்பியிருந்தாள். மற்றப் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அவளுடைய பதிவைத் திருத்தாமல் அப்படியே போட்டோம். அதற்கும் ஆயத்தம் வேண்டும். கைபேசியை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தால் குரல் கரகரக்கும், சிலவேளை ஒலிபெருக்கி கீச்சிடும். முதல் நாளே பதிவை சவுண்ட்ஸ்காரத் தம்பியின் கைபேசிக்கு அனுப்பி, வயர் கொழுவிப் போட்டுப் பார்த்தோம். கைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றி வைத்தோம், நடுவில் அழைப்பு வராமல் இருக்க. நான் வாசிப்பதும் கைபேசியில் இருந்தல்ல. பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள்கள், ஆளுக்கு ஒரு தாள். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழையும் முதல் நாளே கையால் தமிழில் எழுதி, பெயர்களை அனுப்பியவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்வேன்.

வாசிக்கும்போது முதலில் யார், என்ன உறவு, எந்த ஊர் என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்துவேன். பிறகு ‘நான்’ என்று எழுதியதை ‘நான்’ என்றே வாசிப்பேன். ‘அவர் சொல்கிறார்’ என்று மாற்றினால் செய்தி அறிக்கையாகிவிடும். அழுது வாசிக்க மாட்டேன். அது அவர்களின் அழுகை, எனக்கு அதில் நடிக்க உரிமை இல்லை. குரல் உடைந்தால் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வேன். பிள்ளைகளையே வாசிக்கச் சொல்வதை நான் விரும்பாததும் இதனால்தான். அவர்களால் முடிக்க முடியாது.

நோர்வே மாமாவின் செய்தி வாசிக்கப்படாத செய்தி. அவரை வெளிநாட்டுக்கு அனுப்ப முகவருக்குக் கட்டிய காசுக்காகப் பெரியம்மா தன்னுடைய தாலிக்கொடியை அடகு வைத்திருக்கிறார். பெரியப்பாவுக்கு அது கடைசி வரை தெரியாது. மாமா இதை முழுதாக எழுதி, எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றும் எழுதியிருந்தார். என் அளவுகோலின்படி அந்த முற்றத்தில் வாசித்திருக்க வேண்டிய முதல் செய்தி அது. ஆனால் மறைத்தவர் பெரியம்மா. அவர் மூடி வைத்ததைத் திறக்கிற உரிமை மாமாவுக்கு இருக்கலாம், எனக்கு நிச்சயமாக இல்லை. பிள்ளைகளிடம் காட்டினேன். அண்ணா வாசிக்கலாம் என்றார். அக்கா தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு கன நேரம் யோசித்தார். “அம்மா அப்பாவுக்குச் சொல்லாததை நாங்கள் ஊருக்குச் சொல்லிறதோ?” என்றார். மாமாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக, சின்ன வயதில் பெரியம்மா தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெள்ள வாய்க்காலைக் கடந்து பள்ளிக்கூடம் கொண்டுபோனதைச் சொன்னார். வாசித்த நான்காவது செய்தி அது.

வாசிக்காமல் விட்டவை எல்லாம் கல்வெட்டுக்குப் போயின. அங்கே நேரக் கணக்கு இல்லை, பக்கக் கணக்குத்தான். பேரப்பிள்ளைகளின் ஆங்கிலச் செய்திகளை அப்படியே ஆங்கிலத்திலும், அவர்களின் தாய்மார் செய்த தமிழாக்கத்தோடும் போட்டோம். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் பக்கத்தை அனுப்பிப் பார்க்கச் சொன்னோம். 31ஆம் நாள் காலை கீரிமலையில் அந்தியேட்டி முடிந்து, வீட்டுக்கிருத்தியமும் ஆகி, மதிய போசனத்துக்கு முன் கல்வெட்டு கொடுத்தோம். தாலிக்கொடி விசயத்தைக் கல்வெட்டில் போடலாமா என்று மாமா இன்னொரு முறை கேட்டிருந்தார். அக்கா அதற்கும் வேண்டாம் என்றார். ஆனால் மாமா நேரில் வந்து தங்களை இருத்தி வைத்து முழுக்கதையையும் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஒரு வருடத் திவசத்துக்குக் கூட்டிக்கொண்டு வர ஏலுமா என்று மாமாவின் பிள்ளைகள் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.